தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல நாங்க எழுதின கழுதை சட்டம்

2006 மே மாசம், மெட்ராஸ் சென்ட்ரல்ல ராத்திரி பத்து மணிக்கு கெளம்புற தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் கோச். டெல்லில மாமா வீட்டுக்கு குடும்பமா போறோம். கிட்டத்தட்ட 2180 கிலோமீட்டர், நடுவுல ஒரு முழு பகல், ரெண்டு ராத்திரி. பெரியவங்க எல்லாம் ஒரு பக்கம் ஒக்காந்து யார் கல்யாணத்துல யார் கோவிச்சிக்கிட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. பசங்க நாங்க அஞ்சு பேர். பெரியப்பா பையன் அண்ணாவுக்கு 17, அத்தை பிள்ளைங்க அக்காவும் பாபுவும் 16, 14, எனக்கு 15, சித்தப்பா பொண்ணு குட்டிக்கு 13. கையில ஒரே ஒரு சீட்டுக்கட்டு, ஆடத் தெரிஞ்சது கழுதை மட்டும்தான்.

கழுதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். சீட்டு மொத்தத்தையும் பிரிச்சி போட்டுடணும். இஸ்பேட் ஆஸ் யார்கிட்ட இருக்கோ அவங்க அத எறக்கணும், மத்தவங்க எல்லாம் இஸ்பேட் போடணும், அந்த சுத்து அப்படியே கவுத்தி ஓரமா வச்சிடலாம். பெரிய சீட்டு போட்டவங்க அடுத்தது எறக்குவாங்க. எறக்குன ஜாதி உங்க கையில இல்லன்னா வேற எதையாவது போட்டு வெட்டலாம், வெட்டுன ஒடனே சுத்து நின்னுடும், அதுவரைக்கும் அந்த ஜாதில பெருசா போட்டவங்க கீழ கெடக்கறத மொத்தமா அள்ளிக்கணும். கை காலியானா தப்பிச்சாச்சு, கடைசியா சீட்டோட மாட்டுறவங்க கழுதை. அதனால இதுல ஆஸ், ராஜா எல்லாம் பாரம், ரெண்டு மூணு வச்சிருக்கவங்கதான் பணக்காரங்க.

மொத பிரச்சனை விடியக்காலைலயே வந்துடுச்சு. விஜயவாடா தாண்டி மிடில் பெர்த்த எறக்கிட்டு, ரெண்டு சீட்டுக்கு நடுவுல சூட்கேஸ நிமித்தி வச்சி மேல பெட்ஷீட் போட்டு ஒக்காந்தோம். 52 சீட்ட அஞ்சு பேருக்கு போட்டா ரெண்டு பேருக்கு 11, மூணு பேருக்கு 10. அந்த 11 ரெண்டு தடவையும் குட்டிக்கே விழுந்துச்சு, ரெண்டு தடவையும் அவதான் கழுதை. மூணாவது தடவ சீட்ட தொடவே மாட்டேன்னு மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. அக்காதான் டைமன் ரெண்டையும் கிளாவர் ரெண்டையும் எடுத்து ஓரமா வச்சிடலாம், அம்பதாயிடும், ஆளுக்கு பத்துன்னு சொன்னா. பாட்டியோட பிஸ்கட் பாக்கெட் அட்டையோட பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு, அதுல ஒண்ணாம் நம்பர் போட்டு எழுதினோம். அப்படித்தான் ஆரம்பிச்சது.

ரெண்டாவது காத்தால வந்தது. வாரங்கல் தாண்டி வண்டி வேகம் எடுத்துச்சு, பாபு சீட்ட விசிறி மாதிரி விரிச்சி புடிச்சிருந்தான், ஒரு சீட்டு பறந்து ஜன்னல் கம்பிக்கு நடுவுல நொழஞ்சி போயே போச்சு. டைமன் நாலு. ஆட்டம் முடிஞ்சதுன்னு நெனச்சோம். அப்புறம்தான் ஓரமா வச்ச டைமன் ரெண்டு ஞாபகம் வந்துச்சு. அண்ணா நீல பால்பாயின்ட் எடுத்து, மூலைல இருந்த ரெண்ட நாலாக்கி, நடுவுல இன்னும் ரெண்டு கட்டம் வரைஞ்சான். வண்டி ஆட்டத்துல அதுல ஒரு கட்டம் கோணலா நீண்டு வால் மாதிரி ஆயிடுச்சு. ஆனா பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான, யார் கையில இருக்குன்னு வெளிய தெரியாது, அதுதான முக்கியம். சட்டம் ரெண்டு: ஜன்னலோரம் ஒக்காந்தவங்க சீட்ட விரிக்கக் கூடாது.

மூணாவது சட்டம் பொய் வெட்டுக்கு. கழுதை ஆடுற எல்லா எடத்துலயும் இந்த சண்டை இருக்கும்னு நெனைக்கிறேன், கையில ஆட்டின் வச்சிக்கிட்டே இல்லன்னு சொல்லி இஸ்பேட் ராஜாவ தள்ளி விடறது. அப்ப கண்டுபுடிக்கவே முடியாது, ஆனா ஒளிச்சி வச்ச ஆட்டின் எங்கயும் போகாது, பின்னாடி அவங்களே அத எறக்கித்தான் ஆகணும், அப்ப மாட்டிக்குவாங்க. நடுவுல அள்ளி அவங்க கைக்கு ஆட்டின் வராம இருந்துச்சான்னு மட்டும் நல்லா ஞாபகம் வச்சிருக்கணும். மாட்டுனா அந்த நேரத்துல கீழ கெடக்கறது மொத்தமும் அவங்களுக்கு, தப்பா கை காட்டுனா கை காட்டுனவங்களுக்கு. இந்த ரெண்டாவது பாதி இல்லாம மொதல்ல எழுதிட்டோம், பாபு சுத்துக்கு சுத்து எல்லாரையும் பொய் பொய்னு கத்த ஆரம்பிச்சான், அதுக்கப்புறம் சேத்தோம்.

ஆனா இதெல்லாம் ஆட்டத்துல இருந்த ஓட்டைய அடைக்கிறது. ரயில உள்ள கொண்டு வந்த சட்டம் தனி. அது என்னோடது, இன்னிக்கும் அத நெனச்சா சந்தோஷமா இருக்கு. ஆத்துப் பாலம் வந்தா எல்லாரும் கையில இருக்கற சீட்ட அப்படியே இடது பக்கத்துல ஒக்காந்திருக்கவங்ககிட்ட குடுத்துடணும். சைடு லோயர்ல இருந்த ஒரு தாத்தா இந்த ரூட்ல வருஷக்கணக்கா போயிட்டு வர்றவர், ராமகுண்டம் தாண்டினா கோதாவரி வரும்டா, பாத்து ஆடுங்கன்னு சொல்லி வச்சிருந்தார்.

அது நடந்தது இப்படி. அக்காவும் அண்ணாவும் தப்பிச்சாச்சு. என்கிட்ட ரெண்டே சீட்டு, ஆட்டின் மூணும் கிளாவர் அஞ்சும், ரெண்டு சுத்துல நான் வெளிய. பாபுகிட்ட ஆறு. குட்டிகிட்ட பதினொண்ணு. பாபு எறக்கணும், எறக்கல. யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு சீட்ட மாத்தி மாத்தி அடுக்குறான், கண்ணு மட்டும் ஜன்னல்ல. பவர் பிளான்ட் புகைபோக்கி எல்லாம் பின்னாடி போயிடுச்சு. திடீர்னு சத்தம் மாறுச்சு, தடக் தடக்னு இருந்தது அடில ஒண்ணுமே இல்லாத மாதிரி கணகணன்னு ஆச்சு, பாலம்! என் ரெண்டு சீட்டு பாபுவுக்கு, பாபுவோடது குட்டிக்கு, குட்டியோட பதினொண்ணும் எனக்கு. நான் எட்டி பாத்தா மே மாசத்து கோதாவரி, மணல்தான் பாதிக்கு மேல, தண்ணி அங்கங்க. தண்ணி இல்லாதது ஆறே இல்லன்னு நான் சண்டை புடிச்சேன். தாத்தாதான் தீர்ப்பு சொன்னார், ரயில்வேக்காரன் போர்டுல ஆத்து பேர் எழுதி வச்சிருந்தா அது ஆறு, தண்ணிய பத்தி பேச்சே இல்ல. அந்த ஆட்டத்துல நான்தான் கழுதை. பாபு பண்ணுனதுக்கும் சட்டம் போட்டோம், பத்து எண்ணறதுக்குள்ள எறக்கணும். ஆனா அடுத்த ஆட்டத்துல இருந்துதான் செல்லும், ஓடிட்டிருக்க ஆட்டத்துல சட்டத்த மாத்த முடியாதுன்னு அக்கா கறாரா சொல்லிட்டா. அது நியாயம்தான், வயிறு எரிஞ்சாலும்.

கழுதையானவங்களுக்கு தண்டனை, அடுத்த பெரிய ஸ்டேஷன்ல எறங்கி எல்லாருக்கும் தண்ணி புடிக்கணும். பல்லார்ஷாலயும் நாக்பூர்லயும் குட்டிதான் கழுதை. சித்தி அவள எறங்க விடல, அண்ணா அவளுக்கு பதிலா பாட்டில தூக்கிக்கிட்டு ஓடினான், ஒரு வார்த்த சொல்லல. ஆனா குட்டிக்கு அது தோத்தத விட பெரிய அவமானமா போச்சு. நாக்பூருக்கப்புறம் ரொம்ப நேரம் மேல் பெர்த்துல ஏறி படுத்துக்கிட்டா. கீழ எறங்கி வந்தப்ப, குகை வருமாமே, அதுக்கு நான் சட்டம் சொல்லட்டுமான்னு கேட்டா. பேதுல் தாண்டி இட்டார்சிக்கு முன்னாடி சாத்பூரா மலைல வண்டி எறங்குது, அங்க குகை இருக்குன்னு தாத்தா அவகிட்ட மட்டும் சொல்லியிருக்கார். குட்டியோட சட்டம் இது: குகைக்குள்ள இருட்டுல ஆளுக்கு ஒரே ஒரு சீட்ட இடது பக்கத்துக்கு நகத்தணும், எடுத்தத திருப்பி கேக்க முடியாது.

குகை வந்துச்சு. பகல்ங்கறதால கோச்ல லைட் போடல, கை மறையற இருட்டு, கோச் முழுக்க பசங்க கத்துறாங்க. நாங்க எல்லாரும் ஒரே யோசனைதான், இருக்கறதுலயே பெரிய சீட்ட தள்ளிடணும். அண்ணாவுக்கு இடது பக்கம் குட்டி, ஆட்டின் ஆஸ அவகிட்ட தள்ளிட்டான். குட்டிக்கு இடது பக்கம் அக்கா. குட்டி ராஜாவ தள்ளல, தன்கிட்ட இருந்த ஒரே கிளாவர தள்ளியிருக்கா, வெறும் ஆறு. வெளிச்சம் வந்ததும் அக்கா அத பாத்துட்டு, அய்யோ பாவம் குழந்தைக்கு தெரியலன்னு சிரிச்சா. அடுத்தது நான் கிளாவர் ஏழு எறக்குனேன், பாபு ஜாக்கி, அண்ணா வேற இல்லாம ராஜா, குட்டி சீட்ட ஓங்கி அறைஞ்சா. ஆட்டின் ஆஸ். கிளாவரே இல்லாத கைய வேணும்னே பண்ணி வச்சிருக்கா! ராஜா பெருசு, நாலு சீட்டயும் அண்ணா அள்ளணும், இருட்டுல அவன் தள்ளுன அதே ஆஸோட சேத்து. அந்த ஆட்டத்துல குட்டி ரெண்டாவதா தப்பிச்சா, அண்ணா கழுதை.

இட்டார்சி வந்தப்ப இருட்டற நேரம். அண்ணா அஞ்சு பாட்டிலோட எறங்கினான், குழாய்ல கூட்டம், வண்டி கெளம்பிடுச்சு. பெரியம்மா அலற ஆரம்பிச்சாங்க. யாரோ நாலு கோச் பின்னாடி ஒரு பையன் பாட்டிலோட ஏறினத பாத்ததா சொன்னதும்தான் மூச்சு வந்துச்சு. நாங்க அடுத்த ஆட்டத்துக்கு சீட்டு போட்டு முடிச்சிருந்தோம், அவன் கை கவுத்தபடி பெட்ஷீட் மேல இருந்துச்சு. குட்டி தன்னோடத எடுத்து பாத்தா, மொகம் சுருங்கிடுச்சு, நான் எட்டி பாத்தேன், மூணு ஆஸ்.

கொஞ்ச நேரத்துல நர்மதா. பாட்டி முன்கூட்டியே ஆளுக்கொரு எட்டணா எடுத்து வச்சிருந்தாங்க ஆத்துல போட. சத்தம் மாறினதும் பாபு பாலம்னு கத்திக்கிட்டு கைய நீட்டினான். அண்ணாவுக்கு பாபு என்ன குடுத்தாலும் அண்ணாவோடது குட்டிக்கு வரும், மூணு ஆஸும் அக்காவுக்கு போயிடும். குட்டி சட்டுனு அண்ணா சீட்டு மேல உள்ளங்கைய வச்சி அழுத்திக்கிட்டா. "அண்ணா வரல. ஆள் இல்லாம யார் கையும் மாறக் கூடாது." பாபு, நீயே ஜெயிக்கலாமே லூசுன்னான். அவ கைய எடுக்கல. எட்டணாவ இன்னொரு கையால ஜன்னல் வழியா விட்டெறிஞ்சா, கம்பில டிங்குன்னு பட்டு போச்சு.

பாலம் முடிஞ்சி கொஞ்ச நேரம் கழிச்சிதான் அண்ணா வந்தான், சட்டையெல்லாம் ஈரம், பாட்டில் நாலுதான் இருந்துச்சு. குட்டி அதுக்குள்ள அட்டைல ஒம்பதாம் நம்பர் போட்டு அவ கையெழுத்துல எழுதிட்டிருந்தா.