எம்.பி.ஏ. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு

மென்பொருள் சோதனைப் பிரிவில் எனக்கு நான்கு வருட அனுபவம். பிடித்தமெல்லாம் போக மாதம் 75,000 ரூபாய் கைக்கு வந்தது. எம்.பி.ஏ. படிக்க நினைத்து நவம்பரில் கேட் நுழைவுத் தேர்வு எழுதினேன். பழைய ஐ.ஐ.எம். எதிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஓரளவு பெயருள்ள ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு 22 லட்சம் கட்டணம். முன்பணம் கட்ட இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள்.

முதலில் நான் போட்ட கணக்கே தப்பு. கல்லூரியின் வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளம் 24 லட்சம் என்று இருந்தது. என் சம்பளம் 11 லட்சம். வித்தியாசம் 13 லட்சம், இரண்டே வருடத்தில் கடன் அடைந்துவிடும் என்று நினைத்தேன்.

அதே கல்லூரியில் மூன்று வருடம் முன்பு படித்த அக்கா ஒருவர், என்னைப் போலவே ஐ.டி.யிலிருந்து போனவர், போனில் ஒரு மணி நேரம் பேசினார். "சராசரியைப் பார்க்காதே, நாலு பேர் வாங்குற பெரிய சம்பளம் அதைத் தூக்கிவிட்டிருக்கும். எல்லாரையும் சம்பள வரிசையில நிறுத்தினா நடுவுல நிக்கிறவரோட சம்பளம், அதான் இடைநிலை, அது என்னன்னு பார்" என்றார். அது 21 லட்சம். அதிலும் முதல் வருடம் மட்டும் தரும் சேர்க்கை போனஸ், நிறுவனம் நினைத்தால் குறைக்கக்கூடிய ஊக்கத்தொகை, நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி என்று 4 லட்சம் போய்விடுமாம். மிச்சம் 17 லட்சம். வரியும் என் பங்கு பி.எஃப்.பும் கழித்தால் மாதம் சுமார் 1,20,000 கைக்கு வரும்.

சரி, 75,000 எங்கே, 1,20,000 எங்கே? அங்கேதான் இன்னொரு தப்பு இருந்தது. நான் ஒப்பிட வேண்டியது இன்றைய சம்பளத்தோடு அல்ல, படிக்கப் போகாமல் இருந்தால் இரண்டு வருடம் கழித்து வாங்கப்போகும் சம்பளத்தோடு. என்னோடு சேர்ந்தவர்கள் ஒருமுறை கம்பெனி மாறியதிலேயே எவ்வளவு கூடியது என்று கேட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒரு லட்சம் வரும் என்று வைத்துக்கொள்வது நியாயமாகத்தான் பட்டது. ஆக, படிப்பால் கூடுவது மாதம் 20,000.

அப்புறம் வங்கிக்குப் போனேன். 9 சதவீத வட்டி. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஆறு மாதமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடக் கட்டணம் 11 லட்சத்துக்கு இரண்டரை வருட வட்டி, அடுத்த 11 லட்சத்துக்கு ஒன்றரை வருட வட்டி: சேர்த்து ஏறக்குறைய 4 லட்சம். தவணை தொடங்கும்போது கடன் 26 லட்சமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் 42,000. அந்தக் கல்லூரி வங்கியின் சலுகைப் பட்டியலில் இல்லாததால் அடமானமும் கேட்டார்கள். எங்களிடம் இருப்பது அப்பா கட்டிய வீடு ஒன்றுதான்.

1,20,000இல் 42,000 போனால் 78,000. போகாமல் இருந்தால் ஒரு லட்சம். தவணையைக் கட்டிவிட்டு அந்த ஒரு லட்சத்தைத் தொடவே நிலையான சம்பளம் 20 லட்சத்துக்கு மேல் வேண்டும். படிக்கும் இரண்டு வருடமும் வராமல் போகும் சம்பளம், குறைந்தது 18 லட்சம், இதில் சேரவில்லை. பிற்காலத்தில் வேகமாக மேலே போகலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் எந்த வேலையில் சேர்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அதையும் அக்காவிடம் கேட்டேன். "என் நாலு வருஷ அனுபவத்தை இன்டர்வியூவுல யாரும் பெருசா எடுத்துக்கலடா. புதுசா படிச்சுட்டு வந்தவங்களோட ஒரே சம்பளம், ஒரே பதவி" என்றார். சில பெரிய கல்லூரிகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு லேட்டரல் என்று தனியாக வேலைவாய்ப்புச் சுற்று நடக்கும். வருகிற நிறுவனங்கள் பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துப் பதவி தரும். இங்கே அப்படி வந்தவை மிகக் குறைவு. என்னை உண்மையில் நிறுத்தியது இதுதான். பணத்தோடு நான்கு வருடத்தையும் கொடுத்துவிட்டு வரவேண்டியிருந்தது.

டெல்லி எஃப்.எம்.எஸ். போல கட்டணம் சில லட்சத்திலேயே முடிகிற இடமாக இருந்திருந்தால் யோசிக்காமல் போயிருப்பேன். கட்டடத் துறையிலிருந்து நிதித் துறைக்குத் தாவ நினைக்கும் நண்பன் ஒருவனுக்கு உள்ளேயிருந்தே மாற வழியில்லை. அவனுடைய கணக்கு வேறு. நான் போக நினைத்ததோ, மென்பொருளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பிராடக்ட் பக்கம். அந்தக் குழு எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு மாடி மேலே உட்கார்ந்திருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின இரவு கல்லூரிக்கு வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் காலை அப்பா வீட்டுப் பத்திரத்தை மறுபடி பீரோவில் வைத்தார். மேலாளரிடம் பேசி பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு மாற ஏழு மாதம் ஆனது. சம்பளம் அப்போது 6,000 ரூபாய்தான் கூடியது.