கறுத்துப்போன கிரீடம்

கோயில் மலர் ஒன்றின் அட்டைக்காக ஓர் அம்மன் ஓவியத்தைப் படமெடுக்கக் கேட்டார்கள். உப்புவெளியில் ஓவியர் ஐயாவின் வீட்டு முன்னறையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நான்கடி உயரம், எண்ணெய் வர்ணம், மேலே தடிப்பாக வார்னிஷ். கிரீடமும் நகைகளும் தங்கப்பொடி கலந்த வர்ணத்தில் இருந்தன. அந்தத் தங்கம்தான் என்னைப் படுத்தப்போகிறது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. வார்னிஷில் பளிச்சிடும் வெளிச்சத்தை எப்படி ஒழிப்பது என்பதே என் கவலையாக இருந்தது.

இரண்டு பிளாஷ்களை ஓவியத்தின் இரு பக்கமும் 45 பாகையில் வைத்தேன். நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்தால் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே நீளமும் ஒரே கறுப்பும் என்றால் இரண்டு பக்க வெளிச்சமும் சமம். நான்கு மூலையிலும் வெள்ளைத்தாளை வைத்து எடுத்துப் பார்த்ததில், பிளாஷ் இருந்த இரண்டு ஓரங்களும் நடுவைவிடக் கூடுதலாக வெளுத்திருந்தன. விளக்குகளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, ஒவ்வொன்றையும் எதிர் ஓரத்தைப் பார்க்கத் திருப்பிய பிறகே சரியானது.

அப்புறம் போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் வடிகட்டி. இரண்டு பிளாஷ் முன்னாலும் போலரைசிங் தாள், இரண்டின் அச்சும் ஒரே திசையில். லென்ஸில் இன்னொரு போலரைசர். அதை எவ்வளவு திருப்புவது என்று கண்டுபிடிக்க, சைக்கிள் கடையில் வாங்கிய பெயாரிங் குண்டு ஒன்றைச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டுவேன். குண்டில் இரண்டு விளக்கும் இரண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் இரண்டும் மங்கிக் கருநீலமாகிவிடும். ஒன்று மட்டும் அணைந்தால், மற்றப் பக்கத்துத் தாள் கோணலாக இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். 1/16 இல் இருந்த பிளாஷை முழு வலுவுக்குக் கிட்ட ஏற்ற வேண்டி வந்தது.

பிளாஷை அணைத்துவிட்டு அதே அளவுகளில் ஒன்று எடுத்தேன். முழுக்கறுப்பாக வந்திருக்க வேண்டும். கதவுக்கு மேலிருந்த காற்றுத்துளை வழியாகக் கடற்கரை வெயில் மெல்லியதாகப் பதிந்திருந்தது. அந்த வெளிச்சம் நம் தாளின் வழியாக வராதது, லென்ஸ் போலரைசர் அதன் பளபளப்பை அடக்காது. கறுப்புத் துணியால் அடைத்தோம். பிறகு நிறத்தைச் சரிபார்க்க 24 கட்ட நிற அட்டையை ஓவியத்தின் முன் அதே வெளிச்சத்தில் எடுத்து, அட்டையை எடுத்துவிட்டு ஓவியத்தை எடுத்தேன். போலரைசர் நிறத்தையும் சற்று மாற்றும், அதனால் அட்டையையும் அது வழியாகவே எடுக்க வேண்டும்.

திரையில் அற்புதமாக இருந்தது. வார்னிஷ் போட்டதே தெரியவில்லை, பச்சைச் சேலை ஆழமாக நின்றது. பிரதியை அனுப்பினேன். மாலையில் ஐயா போன் எடுத்தார்.

"தம்பி, அம்மன்ட நகையெல்லாம் கறுத்துப்போச்சு. கவரிங்கா போட்டு விட்டிருக்கிறீங்க?"

பார்த்தேன். கிரீடம் பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடிப்பாகம் போல மண்ணிறமாகக் கிடந்தது. காரணம் அப்போதுதான் உறைத்தது. சாதாரண வர்ணத்துக்குள் புகுந்து சிதறி வெளியே வரும் வெளிச்சம் அந்த ஒரே திசை அதிர்வை, அதாவது போலரைசேஷனை, இழந்துவிடும், அதில் ஒரு பங்கு லென்ஸுக்குள் வரும். மேற்பரப்பில் பட்டுத் திரும்புவது போலரைசேஷனை இழக்காது, அதை லென்ஸ் போலரைசர் தடுத்துவிடும். தங்கப்பொடி உலோகம். அது தருவதெல்லாம் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். வார்னிஷின் பளபளப்பை ஒழிக்கப் போய்த் தங்கத்தையும் சேர்த்து ஒழித்திருக்கிறேன்.

மறுநாள் திரும்பப் போய் எல்லாவற்றையும் புதிதாக அடுக்கி இரண்டு படம் எடுத்தேன். ஒன்று முந்தியது போல. மற்றதற்குக் கமரா, விளக்கு எதையும் அசைக்காமல் லென்ஸ் போலரைசரை மட்டும் 90 பாகை திருப்பினேன். வெளிச்சம் கூடிவிடும் என்பதால் பிளாஷைக் குறைத்து, அதற்கும் தனியாக நிற அட்டையை எடுத்தேன். இரண்டாவதில் தங்கம் தகதகத்தது, கூடவே தூரிகைத் தடங்களில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக வார்னிஷும். ஆகவே இரண்டாவதை மேலடுக்காக வைத்து, மாஸ்க் போட்டு நகைகளில் மட்டும் தெரியவிட்டேன். முழுதாக விட்டால் ஒட்டுவேலை மாதிரித் தெரிந்தது. பாதிக்குச் சற்றுக் கீழே நிறுத்தியபோது பொருந்தியது. சாதாரண நான்கு நிற அச்சில் தங்க மை கிடையாது. மஞ்சளும் மண்ணிறமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் தங்கமென்று நம்ப வைக்க வேண்டும். அந்த மேடுபள்ளத்தைக் கொடுத்தது இரண்டாவது படம்.

அச்சகத்து மாதிரித்தாளோடு போனேன். ஐயா ஓவியத்தை வாசலுக்குக் கொண்டுவந்து சாய்த்துவைத்து, தாளைப் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கிரீடத்துக்குத் தலையாட்டினார், அட்டிகைக்கும். பிறகு விரலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மூக்குத்தியை மறந்திட்டீங்களே, தம்பி."

மாஸ்க் போடும்போது விட்டிருக்கிறேன். மிளகளவில் கறுப்பாக ஒரு புள்ளி.