ஒரு சதவீதம்தானே என்று 12 வருஷம் விட்ட கதை

மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கு மெயிலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை நான் எப்போதும் ஒரே மாதிரிதான் பார்ப்பேன். கடவுச்சொல்லாக பான் எண்ணைப் போடுவது, மொத்த மதிப்பைப் பார்ப்பது, மூடிவிடுவது. இந்த ஜனவரியில் வருமான வரி வேலைக்காக 2024 செப்டம்பரில் முடிந்த அரையாண்டு அறிக்கையை முழுதாகத் திறந்தேன். கடைசிப் பக்கங்களில் ஒரு சின்ன அட்டவணை. என் ஃபண்டின் பெயருக்கு நேரே, விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் 7,640 ரூபாய் என்று இருந்தது. ஆறு மாதத்துக்கு.

அதே ஆறு மாதத்தில் நான் எஸ்.ஐ.பி.யில் போட்டது 30,000 ரூபாய். அதாவது நான் போடும் நான்கு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில், என் வங்கிக் கிளைக்குக் கமிஷன் போய்க்கொண்டிருந்திருக்கிறது. 2013 பிப்ரவரியில் அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதற்கு அப்புறம் அவர்கள் இந்த ஃபண்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2020 மார்ச்சில் சந்தை பாதாளத்துக்குப் போனபோதுகூட ஒரு போன் வரவில்லை. வந்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பணம் எனக்கு உறுத்தியிருக்காது.

ஒவ்வொரு ஃபண்டுக்கும் ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு பிளான் உண்டு, ரெகுலரில் கமிஷனும் செலவில் சேரும் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். வித்தியாசம் ஒரு சதவீதம்தானே என்று விட்டிருந்தேன். அந்தச் செலவு நம் கணக்கில் எங்குமே கழிவாகத் தெரியாது. வருஷச் செலவு விகிதத்தை 365 நாளுக்குப் பிரித்து, தினமும் ஃபண்டின் சொத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் அன்றைய என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை, வெளியிடுகிறார்கள். நம் கண்ணுக்கு வருவது எடுத்தது போக மீதி. அதனால் வலிப்பதில்லை.

எனக்கு வலித்தது இரண்டு என்.ஏ.வி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். டைரக்ட் பிளானை செபி கட்டாயமாக்கியது 2013 ஜனவரி 1 முதல். அன்று என் ஃபண்டில் இரண்டு பிளானும் 90 ரூபாய்க்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிளம்பின. அதே பங்குகள், அதே மேலாளர். இந்த மார்ச்சில் ரெகுலர் 412, டைரக்ட் 465. நான் சேர்ந்தது டைரக்ட் வந்து ஒரு மாதம் கழித்து என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். மாதம் 5,000 வீதம் 12 வருஷம் 2 மாதத்தில் போட்டது 7 லட்சத்து 30 ஆயிரம். கையில் இருந்தது சுமார் 4,000 யூனிட், பதினாறரை லட்சம். டைரக்டில் போட்டிருந்தால் இன்னும் ஒன்றேகால் லட்சம் கூட இருந்திருக்கும். போனது போகட்டும் என்று இதை விட்டுவிடலாம். விட முடியாதது இனிமேல் போகப்போவது. எனக்கு 47 வயது. 60 வரை இந்தப் பதினாறரை லட்சத்தைத் தொடாமல் வைத்து, டைரக்டில் 12 சதவீதமும் ரெகுலரில் 11 சதவீதமும் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 72 லட்சம் ஆகும், இரண்டாவது 64 லட்சம். கிட்டத்தட்ட 8 லட்சம் வித்தியாசம், அதுவும் புதிதாக ஒரு ரூபாய் போடாமலே. முதல் 12 வருஷத்தில் ஒன்றேகால், அடுத்த 13 வருஷத்தில் எட்டு. செலவு விகிதம் மாறவே இல்லை. அது கடிக்கிற தொகைதான் பெரிதாகிவிட்டது. முதல் வருஷம் என் கணக்கில் சராசரியாக முப்பதாயிரம்தான் இருந்திருக்கும், அதில் ஒரு சதவீதம் 300 ரூபாய். இப்போது அதே ஒரு சதவீதம் வருஷத்துக்குப் பதினாறாயிரத்துக்கு மேல்.

ஜனவரியில் அறிக்கையைப் பார்த்த மறுநாளே வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். அது முதல் வீண் அலைச்சல். முதலீட்டுப் பிரிவில் இருந்த பெண்மணி அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க பணத்துல இருந்து போறது இல்ல, ஃபண்ட் கம்பெனி எங்களுக்குக் கொடுக்குறது" என்றார். கம்பெனி எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா ஏ.ஆர்.என். நம்பரை எடுத்துடறோம் சார், அதுக்கப்புறம் எங்களுக்கு வராது" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே கையெழுத்துப் போட இருந்தேன். நல்ல வேளை, வீட்டுக்கு வந்து யோசித்துச் செய்யலாம் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கே பலர் ஏமாறுவார்கள், அதனால் சொல்கிறேன். ஏ.ஆர்.என். என்பது விநியோகஸ்தரின் எண். அதை நம் ஃபண்ட் கணக்கான ஃபோலியோவிலிருந்து எடுத்தால் அவருக்குப் போகும் கமிஷன் நிற்கும், அவ்வளவுதான். நம் யூனிட்கள் ரெகுலர் பிளானிலேயே இருக்கும், அதே செலவு விகிதம் அப்படியே பிடிக்கப்படும். நமக்கு ஒரு பைசா திரும்பாது. ரெகுலரை விற்று டைரக்டை வாங்கும் ஸ்விட்ச் கோரிக்கையைத் தனியாகக் கொடுத்தால்தான் செலவு குறையும்.

ஸ்விட்சை இணையத்திலேயே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓ.டி.பி. அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது. என் போனுக்கு எதுவும் வரவில்லை. மூன்றாவது முறைதான் திரையில் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கவனித்தேன். அவை என்னுடையவை அல்ல. 2013இல் படிவத்தை நிரப்பியவர் மொபைல் இடத்தில் தன் எண்ணை எழுதியிருக்கிறார். ஃபோலியோவில் இருந்த மெயில் முகவரியும் என்னுடையது இல்லை. அவர் அந்தக் கிளையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. பான் எண்ணை வைத்து எனக்கு அறிக்கை வந்துகொண்டிருந்ததால் இத்தனை நாளும் இது தெரியவே இல்லை.

தொடர்பு விவரத்தை மாற்றும் படிவத்தை நிரப்பிக்கொண்டு, ஃபண்ட் கம்பெனிக்காக முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளரின் சேவை மையத்துக்குப் போனேன். அரை நாள் விடுப்பு. வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்துக் கையெழுத்து பொருந்தவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். திரும்பவும் போனேன். அங்கிருந்த பையன் பொறுமையாக, கணினியில் இருந்த பழைய படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 2013இல் நான் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டுக் கடன் வாங்கிய சமயத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றியது எனக்கே மறந்துபோயிருந்தது. வங்கி மேலாளரிடம் புதுக் கையெழுத்துக்குச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அந்தச் சான்றுக்காக அதே கிளைக்கு மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து என் போனில் ஓ.டி.பி. வந்தபோது மார்ச் பத்து தேதி ஆகிவிட்டது. உங்கள் ஃபோலியோவில் யாருடைய எண் இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், ஸ்விட்ச் செய்யும் எண்ணமே இல்லாவிட்டாலும்கூட.

அந்தத் தேதி எனக்கு முக்கியமாக இருந்ததற்குக் காரணம் வரி. ஸ்விட்ச் என்றாலும் சட்டப்படி அது விற்பனைதான். பங்கு ஃபண்டில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டின் லாபத்துக்கு, ஒரு நிதியாண்டில் 1 லட்சத்து 25 ஆயிரம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். என் நாலாயிரம் யூனிட்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் நல்ல தொகை வரியாகப் போயிருக்கும். அதனால் மார்ச் கடைசி வாரம் ஒரு பகுதி, ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும் இன்னொரு பகுதி என்று பிரித்தேன். இரண்டு வருஷத்து விலக்கு இரண்டு வாரத்தில் கிடைத்தது.

எத்தனை யூனிட் என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்காகும். என் முதல் யூனிட்கள் 90 ரூபாய் சுமாருக்கு வாங்கியவை, 412க்கு விற்றால் யூனிட்டுக்கு 322 ரூபாய் லாபம், ஆக 388 யூனிட்தான் மாற்றலாம் என்று எழுதி வைத்திருந்தேன். அது தப்பு. 2018 ஜனவரி 31 வரை வாங்கியவற்றுக்கு, அந்த நாளின் என்.ஏ.வி. வாங்கிய விலையைவிட அதிகமாக இருந்தால் அதையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். என் ஃபண்டுக்கு அன்று 190. அப்போது வரிக்குரிய லாபம் 222 ரூபாய்தான், 560 யூனிட் வரை மாற்றலாம். பதிவாளர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூலதன ஆதாய அறிக்கையில் இந்த 2018 விலையும் இருந்தது. இந்த 1.25 லட்சத்தில் நீங்கள் விற்ற மற்ற பங்குகளின் லாபமும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்விட்ச் இரண்டும் பிரச்சினை இல்லாமல் நடந்தன. அப்பாடா என்று இருந்தேன். ஏப்ரல் 5ஆம் தேதிக்கான எஸ்.ஐ.பி. பணம் போனபோது வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்தி வந்தது, இரண்டுமே 5,000. டைரக்டில் புதிதாக நான் தொடங்கியது ஒன்று. இன்னொன்று பழைய ரெகுலர் எஸ்.ஐ.பி.யுடையது. யூனிட்டை மாற்றினால் எஸ்.ஐ.பி.யும் கூடவே மாறிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மாறாது. அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். அந்த 5,000க்கு வாங்கிய யூனிட்களை ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் வெளியேறும் கட்டணம் வேறு. அது ரெகுலரிலேயே கடைசி வரிசையில் கிடக்கிறது.

மீதி 2,900 யூனிட்டுக்கு வரி கட்டிவிட்டு உடனே மாறுவதா, வருஷா வருஷம் விலக்குக்குள் மாறுவதா என்று யோசித்தேன். உடனே மாறினால் வரி 70,000 சுமார். காத்திருந்தால் கமிஷனாகப் போவது முதல் வருஷம் 12,000க்குப் பக்கம், அப்புறம் ஒவ்வொரு பகுதி மாற மாறக் குறையும், நாலைந்து வருஷத்தில் எல்லாமாக 35,000 தாண்டாது. அதனால் காத்திருக்கிறேன். லாபம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரேயடியாக மாறுவதே மேல், இந்தத் தவணையெல்லாம் தேவையில்லை.

செப்டம்பரில் முடிந்த அரையாண்டு அறிக்கை அக்டோபரில் வந்தது. இந்த முறை கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். ரெகுலருக்கு நேரே 5,580 ரூபாய், டைரக்டுக்கு நேரே சுழியம். அம்மாவின் அறிக்கையையும் கையோடு திறந்து பார்த்தேன். அவருடைய ஃபோலியோவிலும் மொபைல் இடத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத ஓர் எண் இருக்கிறது. அம்மா இன்னமும் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறார். படிவத்தை நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.