ஒரு கம்பியில் எத்தனை ரிங்? சைட் சூப்பர்வைசர் இண்டர்வியூ போய் வந்த கதை

பாளையங்கோட்டை பக்கம் ஒரு கட்டுமான கம்பெனியில் சைட் சூப்பர்வைசர் வேலைக்கு இண்டர்வியூ முடித்துவிட்டேன். வேலையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் வாசலில் நடந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசும்போது "டிப்ளமோ சர்டிபிகேட், ஆதார், அனுபவச் சான்றிதழ் கொண்டு வாங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். நான் இதுவரை வேலை பார்த்தது மேலப்பாளையத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் சின்ன காண்ட்ராக்டரிடம். அவர் ஒரு தாளில் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். ஆபீசில் பேப்பர் பார்ப்பவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "லெட்டர்பேட்ல இல்லாம எடுக்க முடியாது தம்பி, போயிட்டு இன்னொரு நாள் வாங்க" என்று நீட்டிவிட்டார். வீட்டு வேலை எடுக்கும் காண்ட்ராக்டர்களில் பாதிப் பேரிடம் லெட்டர்பேடே கிடையாது. அந்த வெயிலில் பஸ் பிடித்து வந்தது வீண். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

காண்ட்ராக்டர் தங்கமான மனுஷன். அதே வாசகத்தைத் திரும்ப எழுதி, பில் புக்கில் குத்தும் முத்திரையைக் கீழே குத்தி, போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தார். கூடவே சைட் டைரி, ஆள் வருகை குறிக்கும் மஸ்டர் நோட்டின் நகல், கம்பியை எந்த அளவில் வெட்டி வளைப்பது என்று நான் கையால் போட்ட பார் பெண்டிங் ஷெட்யூல் நாலு தாள், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்து எடுத்துப் போனேன். இந்த முறை உள்ளே விட்டார்கள். சின்ன இடத்தில் வேலை பார்ப்பவர்கள் வேலையை விட்டு வருவதற்கு முன்பே இவற்றை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்டால் பழைய நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

உள்ளே கேள்வி கேட்டவர் வயதான இன்ஜினியர். பெயர், ஊர், சம்பளம் எல்லாம் இரண்டு நிமிடம். அப்புறம் இரண்டு தாளை மேஜையில் விரித்தார். ஒன்று தூண்கள் எங்கே நிற்கும் என்று காட்டும் காலம் லேஅவுட், இன்னொன்று தூணின் அளவும் கம்பியும் காட்டும் காலம் டீடெய்ல். இரண்டுமே சுருக்கி எடுத்த ஜெராக்ஸ். எனக்கு முன்னால் போனவர் அதில் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார், அதோடு அனுப்பிவிட்டார்களாம். ஜெராக்ஸில் அளவு சுருங்கியிருக்கும். ஒரிஜினலாகவே இருந்தாலும் எழுதியிருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

நான் முதலில் பார்த்தது வலது கீழ் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக். திருத்த எண் லேஅவுட்டில் R1, டீடெய்லில் R3 என்று இருந்தது. அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து C7 காலம். அளவு 230க்கு 450. லேஅவுட்டில் 450 பக்கம் வடக்கு தெற்காகச் சுவரோடு ஓடுகிறது. டீடெய்லில் கிழக்கு மேற்காகத் திரும்பியிருக்கிறது. அப்படிக் கட்டினால் 230 சுவரைத் தாண்டி 220 மில்லிமீட்டர் அறைக்குள் துருத்தும்.

"எந்தத் தாளை நம்புவீங்க தம்பி?" என்றார். R3 புதுசு, அதனால் அதுதான் சரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் டீடெய்லை மாற்றியவர் லேஅவுட்டையும் மாற்றினாரா என்பது சைட்டில் நிற்கும் நமக்குத் தெரியாது. அதனால் C7 ஃபுட்டிங்கை மட்டும் நிறுத்தி வைத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் கேட்டு, பதிலும் எழுத்தில் வாங்குவேன், மற்ற காலம் வேலை ஓடும் என்றேன். ஃபுட்டிங் கான்கிரீட் விழுந்துவிட்டால் காலம் கம்பியைத் திருப்ப வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அதே C7இல்தான் வேஸ்டேஜ் கேள்வியும் வந்தது. "காலம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் இந்த ரிங் 8 எம்எம். 12 மீட்டர் கம்பியில எத்தனை வரும்?" கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடும் கவர் இரு பக்கமும் 40 போனால் ரிங்கின் வெளி அளவு 150க்கு 370. நாலு பக்கமும் சேர்த்து 1040. இரண்டு கொக்கிக்குப் பத்து விட்டம் வீதம் 160 கூட்ட வேண்டும். மடக்கும் இடங்களில் கம்பி நீளும் என்பதற்காக 96 கழிக்க வேண்டும். ஆக வெட்டு நீளம் 1104 மில்லிமீட்டர். ஒரு கம்பிக்கு 10 ரிங், மிச்சம் 960.

"மிச்சத்தை என்ன செய்வீங்க?" இங்கேதான் பலரும் "ஸ்கிராப்" என்று சொல்லி நிற்கிறார்கள். அதே கட்டடத்தில் லிண்டல் 230க்கு 150, அதற்கும் 8 எம்எம் ரிங். கவர் 25 போனால் அதன் வெட்டு நீளம் 624. பத்துக்குப் பதில் 9 காலம் ரிங் வெட்டினால் 2064 மிஞ்சும், அதில் 3 லிண்டல் ரிங் வரும், கடைசியில் 192தான் வீணாகும். 100 கம்பிக்குக் கணக்குப் போட்டால், 960 வீதம் விட்டால் சுமார் 38 கிலோ துண்டு. இப்படி வெட்டினால் எட்டு கிலோவுக்கும் குறைவு. அவரே கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: லிண்டல் ரிங் எத்தனை வேண்டும் என்ற கணக்கு முதலில் கையில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வெட்டி அடுக்கினால் அதுவும் வேஸ்டேஜ்தான். கம்பி கட்டும் மேஸ்திரியிடம் வெட்டுப் பட்டியலைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். வெட்டி முடித்த பிறகு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

ஆள் நிர்வாகத்துக்கு ஒரே கேள்வி, அதுவும் நம்ம ஊர்க் கேள்வி. "நாளைக்கு ஸ்லாப். மேஸ்திரி ஊர்ல கோயில் கொடை, பாதி ஆள் வராதுன்னு சாயங்காலம் சொல்றார். என்ன செய்வீங்க?" இருக்கிற ஆளை வைத்து ஓட்டுகிறேன் என்றால் தொலைந்தோம். பாதி ஸ்லாப்பில் ஆள் சோர்ந்து வேலை நின்றால் போட்டது இறுகிவிடும், அதன்மேல் புதுக் கான்கிரீட் சரியாக ஒட்டாது, பின்னால் அந்த இடத்தில்தான் தண்ணீர் கசியும். மிக்சர் வண்டியை அன்று இரவே தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, வருகிற ஆளை வைத்து முட்டு, கவர் பிளாக், கரண்ட் பைப் சரிபார்க்க வைப்பேன் என்றேன். "கொடை தேதி முன்னாடியே தெரியுமே தம்பி?" என்று மடக்கினார். ஆமாம், சித்திரையிலும் ஆடியிலும் வேலை அட்டவணை போடும்போதே மேஸ்திரிகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்வேன் என்றேன்.

பாதுகாப்புக்கு வந்தபோது ஹெல்மெட், ஷூ என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "ஆடிக் காத்து. மூணாவது மாடி வெளிப்பூச்சு. காலையில முதல்ல எங்க போவீங்க?" சாரத்தைச் சுற்றி வருவேன். சவுக்குக் கம்பின் அடி மண்ணில் இறங்கியிருக்கிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா, ஜன்னல் வழியாகக் கட்டடத்தோடு கட்டிய கட்டு இருக்கிறதா, பலகை இரண்டு முனையிலும் கட்டியிருக்கிறதா, இடுப்பு உயரத்தில் தடுப்புக் கம்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். மேலே கிடக்கும் தகரம், பிளைவுட் துண்டுகளை இறக்கச் சொல்வேன். காற்று வீசி அடித்தால் வெளிப்பூச்சை நிறுத்தி ஆட்களை உள்பூச்சுக்கு மாற்றுவேன், கூலி வெட்டமாட்டேன். கூலி போகும் என்று தெரிந்தால் ஆள் நமக்குத் தெரியாமல் மேலே ஏறிவிடும். இந்தக் கடைசி வரியை அவர் தாளில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் போன் வந்தது. கங்கைகொண்டான் பக்கம் சைட், முதல் மூன்று மாதம் பயிற்சிச் சம்பளம். சேரப் போன அன்று அதே பேப்பர் பார்ப்பவர் அனுபவச் சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஒப்புகை எழுதித் தரும்வரை நான் நகரவில்லை. நீங்களும் ஒப்புகை வாங்காமல் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.