எங்க ஊர் ஸ்கூல் பில்டிங்குக்கு பவர்-இன்ட்ரஸ்ட் கட்டம் போட்ட கதை, மூணு தடவ

புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு சின்ன ஊர் எங்களோடது, ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி, நானும் அங்கதான் படிச்சேன். 2018 கஜா புயல்ல ஓட்டுக் கட்டடத்துல பாதி ஓடு பறந்துச்சு, ஒட்டுப் போட்டு ஓட்டுனாங்க. அப்புறம் 2021 டிசம்பர்ல திருநெல்வேலில ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் இடிஞ்சு மூணு பசங்க செத்துப்போனதும் தமிழ்நாடு முழுக்க பழைய கட்டடங்களை இடிக்க ஆரம்பிச்சாங்கல்ல, அதுல எங்களோடதும் போயிடுச்சு. அன்னைல இருந்து அஞ்சு வகுப்பும் ஒரே ஹால்ல. ஒரு பக்கம் ரெண்டாம் வாய்ப்பாடு, இன்னொரு பக்கம் ஆங்கில ரைம்ஸ்.

2024 ஆகஸ்ட்ல நமக்கு நாமே திட்டத்துல ரெண்டு வகுப்பறை கட்டலாம்னு எச்எம் டீச்சர் சொன்னாங்க. அதுல மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், மீதி அரசு. எங்க எஸ்டிமேட் 33 லட்சம், அப்ப நாங்க போட வேண்டியது 11 லட்சம். நான் திருச்சில ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனில பிளானிங் வேலைல இருக்கேன், அதனால "தம்பி, நீ இதை எடுத்துச் செய்யி"ன்னு என் தலையில வந்துச்சு.

ஆபீஸ்ல புது ப்ராஜெக்ட்டுன்னா முதல்ல செய்றது ஸ்டேக்ஹோல்டர் கட்டம். மென்டலோ மேட்ரிக்ஸ்னும் சொல்வாங்க. மேல போகப் போக பவர் அதிகம், வலப்பக்கம் போகப் போக இன்ட்ரஸ்ட் அதிகம். ரெண்டும் அதிகமா இருக்கவங்களைக் கூடவே வச்சுக்கணும், பவர் மட்டும் இருந்தா திருப்தியா வச்சுக்கணும், அக்கறை மட்டும் இருந்தா விஷயத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கணும், ரெண்டும் இல்லைன்னா ஒரு கண்ணு வச்சிருந்தாப் போதும். நாலு கட்டம், அவ்வளவுதான். லேப்டாப்ல இருபது நிமிஷத்துல போட்டேன். கலெக்டர், பிடிஓ, ஒன்றிய இன்ஜினியர், ஓவர்சியர், வட்டாரக் கல்வி அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், எச்எம், எஸ்எம்சி, சிங்கப்பூர்ல வேலை பாக்குற எங்க ஊர்ப் பசங்க, காண்ட்ராக்டர்னு 23 பேர், அதுல 11 பேர் வலது மேல் கட்டத்துல. இப்ப அதைப் பாத்தா எனக்கே சிரிப்பா வருது. வாரம் ஒரு நாள் லீவுல ஊருக்கு வர்றவன் 11 பேரை எப்படிக் கூடவே வச்சுக்குவான்? உண்மையில நான் பண்ணது பதவி வரிசை, பவர் வரிசை இல்ல.

டீச்சர்தான் இதை எஸ்எம்சி கூட்டத்துல வச்சுப் பாப்போம்னாங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்காவாசிப் பேர் பெத்தவங்கதான், அதுலயும் எங்க ஊர்ல அம்மாக்கள்தான் வருவாங்க, ஆம்பளைங்க கையெழுத்துக்கு மட்டும். புரொஜக்டர்லாம் கிடையாது, ஹால் தரையில சாக்பீஸால பெரிய கூட்டல் குறி போட்டு ஒவ்வொரு பேரையும் துண்டுப் பேப்பர்ல எழுதி வச்சோம். பவர்னா என்னன்னு நான் விளக்க ஆரம்பிச்சதும் ஒரு அக்கா கேட்டாங்க, "இவரு நெனச்சா இந்த வேலையை நிறுத்த முடியுமான்னு கேக்குறியா?" ஆமா, அதேதான். அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் அந்த ஒரு கேள்விதான், கூடவே "எதை வச்சு நிறுத்துவாரு, எப்ப நிறுத்துவாரு"ன்னு. கையெழுத்தை வச்சா, பாதையை வச்சா, பணத்தை வச்சா, இல்ல டீக்கடைல பேசியே நிறுத்துவாரான்னு ஒவ்வொரு துண்டுக்கும் பின்னாடி எழுதிட்டோம். பதில் எழுத முடியாத பேர் தானா கீழ இறங்கிடுச்சு. கலெக்டர் மேலதான் இருக்காரு, ஆனா நிர்வாக அனுமதி அப்ப மட்டும், மத்தபடி அவருக்கு எங்க ஸ்கூல் ஆயிரத்துல ஒண்ணு, அதனால இடது பக்கம்.

பத்துக்கு எத்தனை மார்க்குன்னு நான் முதல்ல கேட்டேன், எல்லாருக்கும் எட்டு எட்டுன்னு போட்டாங்க, யாரையும் கொறைச்சுச் சொல்ல மனசு வரல. அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா எடுத்து "இவரா அவரா"ன்னு கேட்டேன், டக் டக்குன்னு பதில் வந்துச்சு. மொய் நோட்டைப் பாத்து வளர்ந்த ஊருப்பா இது, யாரு பேச்சை யாரு தட்ட மாட்டாங்கன்னு எங்க அக்காங்களுக்குத் தெரியாததா.

அங்கதான் எனக்கு முதல் அடி. பஸ் ரோட்டுல இருந்து ஸ்கூலுக்குப் போற சந்து ஒம்போது அடி, அதுலயும் ஒரு வளைவு. எம்-சாண்ட் லோடு வண்டி திரும்பாது. பக்கத்து வயக்காரர் கொல்லை வழியாத்தான் வரணும். நான் அவரை "அக்கம்பக்கத்தினர்"னு மொத்தமா எழுதி இடது கீழ் மூலைல போட்டிருந்தேன். ஒரு அக்கா அந்தத் துண்டை எடுத்து, "அக்கம்பக்கம்னா யாரு? பேரைச் சொல்லு"ன்னு கேட்டு, அவர் பேரை எழுதி நேரா உச்சிக்குக் கொண்டுபோய் வச்சுட்டாங்க. அவரு வேலி போட்டா முடிஞ்சுச்சு. அதுவும் போன பஞ்சாயத்துத் தேர்தல்ல இருந்து தலைவருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "மக்கள்", "அரசு", "அக்கம்பக்கம்"னு கட்டத்துல எழுதுனா நம்ம இன்னும் யோசிக்கலன்னு அர்த்தம், அந்த வார்த்தைக்குள்ளதான் வேலையை நிறுத்துற ஆள் ஒளிஞ்சிருப்பாரு.

சரி, அவர்கிட்ட யார் பேசுறது? நான் போனா "திருச்சிலேர்ந்து சட்டம் பேச வந்துட்டான்"ம்பாரு. காலை உணவுத் திட்டத்துல சமைக்கிற அக்கா அவரோட கூடப்பிறந்த தங்கச்சியாம், எனக்குத் தெரியவே தெரியாது. கட்டத்துல அவங்களுக்குன்னு பவர் எதுவும் இல்ல, ஆனா அவங்க துண்டுல இருந்து அண்ணன் துண்டுக்கு ஒரு அம்புக்குறி போட்டோம். யாரு யாரை அசைப்பாங்கன்னு இந்த நாலு கட்டம் காட்டாது, அதை நம்மதான் கோடு போட்டுக் காட்டணும். அந்த அக்கா பேசி, அறுவடை முடிஞ்சு மாசில இருந்து அடுத்த நடவு வரைக்கும் வண்டி போகலாம், முடிஞ்சதும் வரப்பை நாங்க கட்டித் தரணும்னு பேச்சு. அந்த ஒரு தேதியை வச்சுத்தான் மொத்த வேலை அட்டவணையையும் திருப்பிப் போட்டேன்.

இன்ட்ரஸ்ட்லயும் ஒரு குழப்பம் வந்துச்சு. அக்கறைன்னதும் "நல்லது நெனைக்கிறவங்க"ன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அப்படி இல்ல, இந்த வேலையால அவருக்கு எவ்வளவு கூடும் எவ்வளவு கொறையும்ங்கறதுதான். ஸ்கூல் காலி எடத்துல ஆடு கட்டுறவரும் வைக்கோல் போர் போட்டிருக்கவரும் வேண்டாம்னு நெனைக்கிறவங்க, ஆனா அவங்க இன்ட்ரஸ்ட் ரொம்ப அதிகம். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு சாக்பீஸால புள்ளி வச்சுப் பிரிச்சதும் தெளிஞ்சுச்சு. கடைசில வலது மேல் கட்டத்துல நின்னது அஞ்சே பேர்: தலைவர், ஓவர்சியர், எச்எம், வயக்காரர், சிங்கப்பூர் பசங்க குரூப்பைப் பாத்துக்கிற தம்பி.

இதுக்கு நடுவுல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். தரையில போட்டதை போட்டோ எடுத்து, தம்பிக்கு அனுப்புறேன்னு ஊர் குரூப்ல போட்டுட்டேன். ஒரு நிமிஷத்துல அழிச்சுட்டேன், ஆனாலும் ஒரு பெரியவர் பாத்துட்டாரு. தன் பேரு கீழ, பங்காளி பேரு மேல. பவர் இன்ட்ரஸ்ட்லாம் அவருக்கு எதுக்கு, "என்னைய அவனுக்குக் கீழ வச்சுருக்கீங்க"ங்கறதுதான் விஷயம். நானும் டீச்சரும் வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசி, சந்தாவுல முதல் பேரா அவர் பேரை எழுதுனதுக்கப்புறம்தான் முகம் கொடுத்தாரு. அப்புறம் தரையை டீச்சரே ஈரத்துணியால தொடைச்சாங்க. நோட்டுல நம்பர் மட்டும்தான், எந்த நம்பர் யாருன்னு எங்க மூணு பேருக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 2 கிராம சபைல தீர்மானம் போட்டாச்சு, சிங்கப்பூர் பசங்க டிசம்பருக்குள்ள பணத்தை அனுப்பிட்டாங்க, எங்க பங்கைக் கட்டியாச்சு. அப்ப வந்துச்சு 2025 ஜனவரி 5. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த 27 மாவட்டத்துலயும் பஞ்சாயத்துப் பதவிக்காலம் அன்னையோட முடிஞ்சுது, தனி அலுவலர் கைக்குப் போயிடுச்சு. எங்க தலைவர் ராத்திரியோட ராத்திரியா முன்னாள் தலைவர். ரெண்டாவது தடவ கட்டம் போட்டோம், அவசரமா, நானும் டீச்சரும் மட்டும் போன்ல. தலைவர் துண்டுக்குப் பின்னாடி "கையெழுத்து"ன்னு எழுதியிருந்துச்சு, கையெழுத்துதான் போச்சே, அவரை இறக்கிட்டோம். அவருக்குப் போன் பண்றதையும் விட்டுட்டேன்.

ஏப்ரல் கடைசில ரூஃப் கான்கிரீட் போட்டோம். மேல பாத்தி கட்டி பத்து பதினாலு நாள் தண்ணி நிக்கணும், அதுவும் சித்திரை வெயில்ல விட்டா வெடிப்பு விட்டுரும். மூணாம் நாள் தண்ணி வரல. டேங்க் ஆபரேட்டர் "மோட்டார் காயில் போயிருச்சு"ன்னாரு. ஆனா மேலத்தெரு குழாய்ல தண்ணி வருது, அதே மோட்டார்தான். அப்பவே புரிஞ்சுபோச்சு. டிராக்டர் டேங்கர்ல ரெண்டு நாள் காசு கொடுத்து அடிச்சுட்டு, மூணாம் நாள் காலைல முன்னாள் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"தப்புதாண்ணே."

காப்பி வந்துச்சு. அரை மணி நேரம் வேற கதை. கெளம்பும்போதுதான் கேட்டாரு, "கல்வெட்டுல யார் யாரு பேரு வருது?" பதவில இருக்கும்போது தொடங்கி வச்ச வேலை, தன் பேரு இல்லாம போயிடுமோன்னுதான் மனுசனுக்கு. நான் ஆபீசர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன், அரசு கல்வெட்டுல போட முடியலைன்னா நன்கொடையாளர் பலகைல முயற்சி எடுத்தவர்னு போடலாம்னேன். சாயங்காலம் மோட்டார் ஓடுச்சு. காயில் கட்டுனது யாருன்னு நான் கேக்கல.

நாங்க பண்ண தப்பு, அவர் துண்டுக்குப் பின்னாடி ஒரு காரணம் மட்டும் எழுதுனது. கையெழுத்துக்குக் கீழ "அவர் சொன்னா தண்ணி வரும்"னு இன்னொரு வரி அன்னைக்கே இருந்திருக்கணும். ரெண்டாவது தடவ அக்காங்களை உக்கார வச்சிருந்தா அது வந்திருக்கும். அதனால மூணாவது கட்டத்தைத் திரும்பவும் தரையிலயே போட்டோம், மே மாசம், பேஸ்மென்ட், லின்டல், ரூஃப்னு முடிஞ்சு பூச்சு வேலைக்கு முன்னாடி. சிங்கப்பூர் பசங்க பணம் கட்டி முடிச்சதால கீழ இறங்கியிருப்பாங்கன்னு நெனச்சேன், அக்காங்க ஒத்துக்கல, "வீடியோ கால்ல செவுத்துல ஓதம் காட்டிட்டா நாளைக்கு நாறிரும்"னாங்க. சரிதான். ஓவர்சியர் மட்டும் ஒரு இஞ்ச் மேலயே போனாரு, அவர் எம்-புக்குங்கற அளவுப் புத்தகத்துல எழுதுனாத்தான் காண்ட்ராக்டருக்கு பில்லு.

ஸ்கூல்ல படிக்கிற பசங்களை எங்க வைக்கறதுன்னு மூணு தடவையும் சண்டை. இன்ட்ரஸ்ட் உச்சம், பவர் பூஜ்யம், கட்டம் சொல்றபடி பாத்தா "தகவல் சொன்னாப் போதும்". நாலாவது படிக்கிற ஒரு புள்ள டீச்சர்கிட்ட கேட்டுச்சாம், புது ரூம் வந்தா பாத்ரூமுக்கு ஜன்னல் ஓரமா எல்லாரும் பாக்க நடந்து போகணுமான்னு. பிளான்ல பாத்தா ஆமா. ஓவர்சியர்கிட்ட சொல்லி ஜன்னல் உயரத்தை மாத்த முடியல, அதுக்குள்ள செவுரு ஏறியாச்சு, நடைபாதையைத்தான் பின்பக்கமாத் திருப்புனோம்.

இப்ப வயரிங் ஓடுது. போன வாரம் வயக்காரர் வந்து வரப்பை எப்ப கட்டுவீங்கன்னு கேட்டாரு, ஆடிக்குள்ளன்னு சொல்லியிருக்கேன், ஜேசிபிக்குச் சொல்லி வச்சாச்சு.