ஒரே குரலில் எத்தனை பேச்சு

பேச்சுப் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்குவது என் வேலை. ஒரு மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்த பெண் தன் சம்மதத்தோடு நாள் முழுக்கச் சட்டையில் மைக் மாட்டிக்கொண்டார். அவர் ஆளுக்கு ஆள் பேச்சை மாற்றுவதை எப்படி அளப்பது என்பதுதான் கேள்வி.

ஒலிபெருக்கியில் அவர் "மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார்" என்பார். அடுத்த நொடியே எதிரில் நிற்பவரிடம் "டாக்டர் வந்துட்டிருக்கார், உக்காருங்க" என்பார். தோழியிடம் "இன்னும் வரலடி". 'கிற' வருகிறதா என்று மட்டும் எண்ணினால், ஒலிபெருக்கியில் எல்லா இடத்திலும் வரும், நேர்ப்பேச்சில் ஓரிடத்திலும் வராது. நோயாளியிடமும் தோழியிடமும் அவர் ஒரே மாதிரி பேசுவதாகக் கணக்கு சொல்லிவிடும். காது அப்படிச் சொல்லவில்லை.

அதனால் ழகரத்தை எடுத்தோம். 'கீழே', 'வழி', 'எழுதுங்க' போன்ற சொற்களில் அவர் சில நேரம் ழ என்கிறார், சில நேரம் ள. ழ வரக்கூடிய இடம் ஒவ்வொன்றையும், அவர் ள என்று சொன்ன இடங்களையும் சேர்த்தே, எண்ண வேண்டும். 40 இடங்களில் 10 முறை ழ வந்தால் 25 விழுக்காடு. இதில் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுக்க 'ஏழாம் நம்பர்' என்று கூப்பிடுகிறவருக்கு அந்த ஒரு சொல்லே மொத்தக் கணக்கையும் இழுத்துவிடும். எனவே ஒரே சொல்லைச் சில முறைக்கு மேல் சேர்ப்பதில்லை. அப்புறம் நம் காதும் ஏமாற்றும். அதிகாரியிடம் பேசுகிறார் என்று தெரிந்தாலே ழ கேட்பதுபோல் இருக்கும். துண்டுகளைக் கலைத்துப் போட்டு, சூழல் தெரியாத இன்னொருவரையும் கேட்கச் சொல்வோம்.

கவனமாகப் பேசினால் ழ கூடும் என்பது மொழியியலாளர் லபோவ் வழி வந்த விளக்கம். இன்னொரு மொழியியலாளரான ஆலன் பெல் 1984இல் வேறொரு விளக்கம் தந்தார்: பேச்சு கேட்பவருக்கு ஏற்ப மாறுகிறது. நியூசிலாந்தில் ஒரே செய்தி வாசிப்பாளர்கள் ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு வானொலி நிலையங்களுக்கு வாசித்தார்கள். செய்தியும் ஒரே வகைதான், உச்சரிப்பு மட்டும் மாறியது. மாறியிருந்தது கேட்கிறவர்கள்தான். எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ள என்றே பேசும் பாட்டியிடம் இந்தப் பெண் மிகவும் கவனமாக, நிறுத்தி நிறுத்தித்தான் வழி சொல்கிறார். ஆனாலும் அங்கே ள கூடுகிறது.

அதே பாட்டியிடம் பேசும்போது தலைமை மருத்துவர் பக்கத்தில் வந்து நின்றால் ழ திரும்பி வருகிறது. பேசுவது அவரிடம் இல்லை, ஆனால் அவர் காதில் விழுகிறது. கேட்பவர்களை பெல் வகை பிரித்தது இப்படிப்பட்ட ஆட்களையும் கணக்கில் கொள்ளத்தான். எங்கள் பதிவுத் தாளில் 'அருகில் யார்' என்ற பத்தியைச் சேர்த்தோம். ஒலிப்பதிவை மட்டும் கேட்டு அதை நிரப்ப முடியாது என்பதால், பதிவு நடக்கும்போதே ஒருவர் ஓரமாக உட்கார்ந்து குறிக்கிறார்.