வழக்குரை காதைக்கு ஏன் இந்தக் கோட்பாடு? முறையியல் பந்தி ஒன்றை எழுதிய விதம்

நான்காம் வருட ஆய்வேட்டில் எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவைப்பது முறையியல் பகுதியைத்தான். அதிலும் "ஏன் இந்தக் கோட்பாடு?" என்று சொல்லவேண்டிய பந்தி, பெரும்பாலும் கோட்பாட்டின் வரலாறாக முடிந்துவிடும். யார் தொடங்கினார், எந்த ஆண்டு, பிறகு யார் வளர்த்தார், அவ்வளவுதான். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் தம்பி தங்கைகள் வாசிக்கத் தரும் வரைவுகளிலும் இதையே காண்கிறேன். ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். அந்தப் பந்தியில் நூலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நாவலின் பெயரைப் போடுங்கள். பந்தி அப்படியே நின்றால் அதில் நியாயம் எதுவும் சொல்லப்படவில்லை.

என் ஆய்வு சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் பற்றியது. முள்ளியவளைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கண்ணகி கதை பாடப்புத்தகத்தில் வந்து சேர்ந்ததல்ல. வற்றாப்பளைப் பொங்கலும் கோவலன் கூத்தும் இருக்கும் ஊர் அது. ஆனால் "எங்கள் ஊர்க் கதை" என்பது தலைப்பைத் தெரிவுசெய்யக் காரணமாகலாம், கோட்பாட்டைத் தெரிவுசெய்யக் காரணமாகாது. நான் எடுத்தது பேச்சுச் செயல் கோட்பாடு. ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள், அவர் இறந்த பிறகு 1962இல் நூலாக வந்தன. சில சொற்கள் செய்தி சொல்வதில்லை, அவை சொல்லப்படுவதே ஒரு செயல் என்பது அதன் மையம். தீர்ப்பு, ஆணை, வாக்குறுதி, சாபம் எல்லாம் அப்படிப்பட்டவை. அந்தச் செயல் பலிக்கச் சில நிபந்தனைகள் உண்டு: சொல்பவருக்கு அதிகாரம் வேண்டும், ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை ஒன்று வேண்டும், அந்த முறை சரியாகவும் முழுமையாகவும் நடக்கவேண்டும். பந்தியில் கோட்பாட்டு அறிமுகத்துக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது நூலிடம் போவது. கோட்பாடு கேட்கும் கேள்வியை நூலே ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடவேண்டும். எனக்கு அது கொலைக்களக் காதையில் கிடைத்தது. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன் "தேரான் ஆகி", அதாவது ஆராயாமல், ஊர் காவலரைக் கூப்பிட்டு, தன் தேவியின் சிலம்பு "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க" என்கிறான். பிறகு வழக்குரை காதையில் கண்ணகியின் முதல் அடி அவனை "தேரா மன்னா" என்றே விளிக்கிறது. முறையில் எது விடுபட்டது என்பதைக் காப்பியம் இரண்டு இடத்தில் ஒரே சொல்லால் காட்டுகிறது. ஆஸ்டினின் நிபந்தனைப் பட்டியலை நான் நூலின்மேல் கொண்டுபோய் ஒட்டவில்லை என்று சொல்ல இந்தச் சான்று போதும். மூன்றாவது சான்று மன்னனின் கடைசிப் பேச்சு. "யானோ அரசன் யானே கள்வன்" என்று தன்மேலேயே தீர்ப்புச் சொல்லி, "கெடுக என் ஆயுள்" என்கிறான். சொன்னதும் விழுகிறான்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு போனபோது என் மேற்பார்வையாளர் கேட்ட கேள்விதான் பந்தியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தது. "ஆணை பலிச்சிட்டுதே. கோவலன் செத்திட்டான். பிறகு எப்பிடி முறை தவறினது எண்டு சொல்லுறீர்?" நல்ல கேள்வி. இந்தக் கோட்பாட்டை எடுக்கும் யாரிடமும் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்கலாம்.

விடை ஆஸ்டினின் வகைப்பாட்டிலேயே இருக்கிறது. சான்றுகளைப் பார்த்து உண்மை இது என்று முடிவு சொல்லும் பேச்சை அவர் தீர்ப்பு வகையில் வைக்கிறார். அதிகாரத்தைப் பயன்படுத்தி இதைச் செய் என்பது வேறு வகை. பாண்டியன் சொன்னது ஆணை. அதற்கு முன் வந்திருக்கவேண்டிய தீர்ப்பு வரவேயில்லை. "கையது ஆகில்" என்ற நிபந்தனைச் சொல்லால் அவன் விசாரணையைக் காவலரிடம் தள்ளிவிடுகிறான். அந்தக் காவலருக்கோ பொற்கொல்லன்தான் வழிகாட்டி. இவன் கொலைப்படும் மகன் அல்லன் என்று அவர்கள் சொல்லியும் அது எடுபடவில்லை. ஆகவே ஆணை பலித்தது, தீர்ப்பு நிகழவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் வழக்குரை காதை பிந்தி நிரப்புகிறது. சிலம்பின் பரல் முத்தா மணியா என்ற சான்று அங்கே வைக்கப்படுகிறது, தீர்ப்பும் அங்கேதான் வருகிறது, தீர்ப்பிடப்பட்டவன் மட்டும் மாறிவிடுகிறான். இந்த வேறுபாட்டை வேறு கோட்பாடு இவ்வளவு துல்லியமாகக் காட்டாது.

அதனால் போட்டிக் கோட்பாட்டையும் ஒரு வரியில் சொல்லவேண்டும். கண்ணகி என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது பெண்ணியம். அதைக் குறைத்துப் பேசவேண்டிய தேவை இல்லை. அது கற்பையும் அதிகாரத்தையும் பற்றிக் கேட்கிறது, என் கேள்வி மன்னனின் இரண்டு பேச்சுகளைப் பற்றியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அப்படித்தான். அவலத்தையும் வெகுளியையும் விளக்கும், ஆணைக்கும் தீர்ப்புக்கும் உள்ள இடைவெளியை விளக்காது.

கடைசியாக எல்லை. மேடையில் நடிகன் சொல்வதையும் கவிதையில் வருவதையும் ஆஸ்டின் தன் ஆய்விலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவைத்தார். காப்பியத்தை ஆராய்பவர் இதை மறைத்தால் வசமாக மாட்டுவார். நான் சொன்னது, கதைக்குள் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதை மட்டுமே அளக்கிறேன், அந்த உலகில் அவை உண்மையான பேச்சுகள் என்பது. கூத்தைச் சேர்க்காததற்கும் இதுவே காரணம். எங்கள் ஊர்க் களரியில் பாண்டியன் விழுந்து செத்த பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிப்பார். அந்த "யானே கள்வன்" என்ன செயல் செய்கிறது என்பது இன்னொரு ஆய்வேடு.

எல்லாம் சேர்ந்து பந்தி இப்படி வந்தது:

"சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் வழக்குரை காதையிலும் கதைத் திருப்பங்கள் பேச்சின் வழியே நிகழ்கின்றன. மன்னன் 'தேரான் ஆகி' ஆணையிட்டான் என்ற ஆசிரியர் கூற்றும், 'தேரா மன்னா' என்ற கண்ணகியின் விளியும், அவ்வாணையின் முறைமையையே கேள்விக்குள்ளாக்குகின்றன. ஒரு பேச்சு எந்நிபந்தனைகளில் செயலாகிறது என்பதை ஆராயும் ஆஸ்டினின் கோட்பாடு, ஆணையையும் தீர்ப்பையும் பிரித்தறிய உதவுவதால் இங்கு தெரிவுசெய்யப்படுகிறது. பெண்ணிய, மெய்ப்பாட்டியல் அணுகுமுறைகள் இப்பிரிப்பை மையப்படுத்துவதில்லை. இலக்கியக் கூற்றுகளை ஆஸ்டின் விலக்கியமை கருத்திற்கொள்ளப்பட்டு, ஆய்வு பாத்திரங்களிடையிலான பேச்சுக்கு மட்டும் வரையறுக்கப்படுகிறது."

இதில் ஆஸ்டினின் பெயர் வருவதற்கு முன்பே நூலின் சொற்கள் வந்துவிடுகின்றன. அந்த வரிசையை மாற்றாதீர்கள். பந்தியை முதலில் ஒரு வரைவாக எழுதி வையுங்கள், பகுப்பாய்வு இயல்கள் முடிந்த பிறகு திரும்ப எழுதுங்கள். "கையது ஆகில்" என்பதன் கனம் எனக்குப் பகுப்பாய்வில்தான் தெரிந்தது. அப்புறம், மேற்கோள் அடிகளை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதை அதே பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொற்பிரிப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும், தேர்வாளர் கையில் வேறொரு பதிப்பு இருக்கக்கூடும்.